வால் இழந்த ழகரம்

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து சென்ற மாதம் ஓர் அடிக்குறிப்பை நீக்கினேன். நான்கு வரிக் குறிப்புதான். ஆனால் அதை எழுதியபோது எனக்கு உண்டான பெருமிதம் அந்த இயல் முழுவதும் தந்த பெருமிதத்தைவிடப் பெரிது. அது பிழையான குறிப்பு என்பதையும், பிழைக்குக் காரணம் ஒலியியலோ தகவலாளியோ அன்று, நான் தேர்ந்த எழுத்தின் அளவும் நிறமும் இடைவெளியுமே என்பதையும் அறிய எட்டு மாதங்கள் ஆயின. கள ஆய்வுக்கோ வகுப்புக்கோ ஸ்லைடுகளைக் கைபேசிக்கு அனுப்பும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுக் கதையையும் இங்கே எழுதுகிறேன்.

என் ஆய்வு பெங்களூர்த் தமிழரின் பேச்சைப் பற்றியது. நான் இருப்பதோ ஹைதராபாத்தில். என் தகவலாளிகளுள் ஒருவர் அல்சூரில் பூக்கட்டி விற்கும் ஒரு முதியவர். நான் அவரை அத்தை என்று அழைப்பேன். அவர் என்னைக் கண்ணு என்பார். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். நேரில் சென்று பதிவு செய்த சொற்களைப் பின்னர் சரிபார்க்க, அவருடைய பேத்தியின் வழியே ஸ்லைடுகளைக் கைபேசிக்கு அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பேச்சுத் தமிழின் பல வட்டாரங்களில் ழகரம் ளகரமாக ஒலிப்பது எல்லோரும் அறிந்ததே. அத்தையின் பேச்சிலும் அப்படித்தான். நான் அறிய விரும்பியது வேறு: எழுத்தில் அவ்விரண்டையும் அருகருகே காட்டினால் அவர் எதைத் தம் சொல்லாக ஏற்பார்? ஆகவே ஒரே ஸ்லைடில் பன்னிரண்டு வரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்றைச் செய்தேன். இடப்பக்கத்தில் பழம், கிழவி, கோழி. வலப்பக்கத்தில் பளம், கிளவி, கோளி. அனுப்பிய மறுநாள் தொலைபேசியில் பேசினோம். எல்லாவற்றுக்கும் இடப்பக்கச் சொல்லையே சொன்னார். நான் மீண்டும் மீண்டும் கேட்டதும் சற்றுச் சலித்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு, எதுக்கு ரெண்டு தடவ எழுதி வச்சிருக்க?"

மொழியியல் படித்தவன் ஒருவனிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? நான் அதைத்தான் செய்தேன். இரண்டு ஒலியன்களும் அவர் மனத்தில் ஒன்றாகிவிட்டன, அந்த ஒன்றிணைவு எழுத்தை உணரும் இடம்வரை எட்டிவிட்டது என்று அடிக்குறிப்பு எழுதினேன். அவருடைய சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுத்திருந்தேன் என்பதுதான் இப்போதும் கூச வைக்கிறது.

எட்டு மாதங்கள் கழித்து நேரில் சென்றேன். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதே ஸ்லைடை அவருடைய கைபேசியில் திறக்கச் சொன்னேன். பழைய கைபேசி, திரையின் அகலம் 6.8 செ.மீ., 720 பிக்சல்கள். அவர் அதை நிமிர்த்திப் பிடித்தபடியே, கையை நீட்டித் தொலைவில் வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி கடையில் இருந்தது. நான் அவர் தோளருகே குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தவிர்க்க வேண்டியிருக்கிறது. அச்செழுத்தின் அளவும் புள்ளி, திரையின் நுண்கூறும் புள்ளி, மெய்யெழுத்தின் தலையில் இருப்பதும் புள்ளி. ஆகவே முதலாவதைப் பாயிண்ட் என்றும் இரண்டாவதைப் பிக்சல் என்றும் சொல்லி, புள்ளி என்ற சொல்லைத் தொல்காப்பியர் வைத்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன்.

ஸ்லைடு மென்பொருள் காட்டும் பாயிண்ட் அளவு அந்த ஸ்லைடைக் காகிதத்தில் முழு அளவில் அச்சிட்டால் கிடைக்கும் அளவு. வழக்கமான அகல ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ., உயரம் 19.05 செ.மீ. நிமிர்த்திப் பிடித்த அத்தையின் கைபேசியில் அது 6.8 செ.மீ. அகலத்துக்குச் சுருங்குகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நான் அட்டவணையில் வைத்திருந்த 20 பாயிண்ட் எழுத்து அங்கே 4 பாயிண்ட். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் எழுத்துகூட இதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்.

பிக்சல் கணக்கில் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 4 பாயிண்ட் என்பது ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். அந்தத் திரையில் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துப் பிக்சலுக்குச் சற்று மேல். ஆக, மேலே கொக்கிக்கும் கீழே வாலுக்கும் விடும் இடத்தையும் சேர்த்து ஓர் எழுத்துக்குக் கிடைப்பது பதினைந்து பிக்சல் உயரம். எழுத்தின் உடலுக்கு மட்டும் எட்டோ ஒன்பதோ. ழகரத்தின் அடியில் வளைந்து இறங்கும் வால், ளகரத்தின் இடப்பக்கச் சுழி என்ற இரண்டு அடையாளங்களையும் இந்தச் சில பிக்சல்களுக்குள் சொல்லியாக வேண்டும். கோட்டின் தடிமனே ஒரு பிக்சல் என்னும்போது சுழியின் உட்புறம் அடைபட்டுக் கறையாகிவிடுகிறது. மகரமெய்யின் புள்ளியோ சில சொற்களில் இருந்தது, சில சொற்களில் இல்லை.

எவ்வளவு பெரிதாக வைத்தால் போதும் என்பதற்கு என்னிடம் இப்போது ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் சாதாரண வாசிப்பு எழுத்துக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 16 அலகு. 160 அலகு ஓர் அங்குலம் என்பது கணக்கு. ஆகவே அது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அச்சுக் கணக்கில் ஏறத்தாழ 7 பாயிண்ட். நமக்கு வரும் குறுஞ்செய்திகளை நாம் படிப்பது இந்த அளவை ஒட்டித்தான். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் ஸ்லைடில் அதைப் பெற 36 பாயிண்ட் வேண்டும். அத்தையைப் போல 35 செ.மீ. தொலைவுக்குப் பதில் 50 செ.மீ. தொலைவில் பிடிப்பவருக்கு அதே தோற்றம் கிடைக்க, திரையிலேயே 10 பாயிண்ட் வேண்டும், ஸ்லைடில் 50. பன்னிரண்டு வரிசை அட்டவணைக்கு அங்கே இடமே இல்லை.

கைபேசியைப் படுக்கவைத்துப் பார்த்தால் சுருக்கம் குறையும் என்பது உண்மை. ஆனால் பலரும் திரை சுழல்வதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. அவரைத் திருப்பச் சொல்வதைவிட என் தாளை நான் திருப்புவதே நியாயம். ஸ்லைடின் அளவைத் தனிப்பயன் அமைப்பில் 19.05 செ.மீ. அகலம், 33.87 செ.மீ. உயரம் என்று மாற்றினேன். இப்போது 19.05 செ.மீ. அகலம்தான் 6.8 ஆகச் சுருங்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். எழுத்தின் அளவைத் தொடாமலேயே திரையில் அது 1.78 மடங்கு பெரிதாகிவிடுகிறது. 10 பாயிண்டாகத் தெரிய 28 வைத்தால் போதும். இந்த ஒரு மாற்றத்துக்கு இணையான இன்னொன்றை நான் காணவில்லை.

எழுத்துருவுக்கு எழுத்துரு இந்தக் கணக்கு வேறுபடும் என்பதையும் சொல்ல வேண்டும். பாயிண்ட் அளவு என்பது எழுத்து அமரும் கட்டத்தின் அளவு; எழுத்து அந்தக் கட்டத்தை எவ்வளவு நிரப்புகிறது என்பது வடிவமைத்தவரின் விருப்பம். லதாவிலும் விஜயாவிலும் ஒரே சொல்லை ஒரே அளவில் அடித்துப் பாருங்கள். விஜயாவில் அது கண்கூடாகச் சிறுத்திருக்கும். ஆகவே எண்ணை நம்பாமல், ககரத்தின் உடல் திரையில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் வைத்தே பார்க்கிறேன். சிரிக்க வேண்டாம், பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்று மேசையிலேயே இருக்கிறது.

இனி நிறம். இதில் என் தவறு வெறும் கவனக்குறைவு அன்று, ஆய்வுமுறைப் பிழை. வலப்பக்கச் சொற்கள் அந்தப் பொருளில் ஏட்டில் இல்லாத வடிவங்கள் என்பதால் அவற்றைச் சாம்பல் நிறத்தில், #999999 என்ற குறியீட்டில் வைத்திருந்தேன். இடப்பக்கம் கறுப்பு. அத்தை எல்லாவற்றுக்கும் இடப்பக்கத்தையே சொன்னதில் வியப்பென்ன? அந்தத் திண்ணையில் வலப்பக்கம் ஏறத்தாழ இல்லவே இல்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளக்க டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை நெறிகளில் ஒரு சூத்திரம் உண்டு.

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 வெளிர்ந்ததன் ஒளிர்வு, L2 இருண்டதன் ஒளிர்வு. வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0. கறுப்பு எழுத்துக்கும் வெள்ளைத் தாளுக்கும் விகிதம் 21. சாதாரண எழுத்துக்கு 4.5 குறைந்தபட்சம், பெரிய எழுத்தானால் 3 போதும். என் சாம்பலுக்குக் கிடைத்தது 2.85. அது 3-ஐக்கூட எட்டவில்லை. தவிர, குறைந்தது 18 பாயிண்ட், தடித்த எழுத்தானால் 14 பாயிண்ட் இருப்பதையே அந்நெறி பெரிய எழுத்து என்கிறது. ஸ்லைடில் 20 என்று எழுதியிருப்பதை நம்பி அந்தச் சலுகையைக் கோர முடியாது. கைபேசியில் அது 4.

சூத்திரத்தில் இருபுறமும் கூட்டப்படும் அந்த 0.05 சுற்றுப்புற வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவதற்கான கழிவு. அறைக்குள் அது பொருந்தும், திண்ணையில் பொருந்தாது. கண்ணாடி திருப்பி அனுப்பும் வெளிச்சம் திரை வெள்ளையின் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வோம். 0.05 இருந்த இடத்தில் 0.33 வைத்தால் கறுப்பு வெள்ளையின் 21 வெறும் 4 ஆகிவிடுகிறது. என் சாம்பல் 2-க்கு இறங்குகிறது. இதனால்தான் வெளியில் பார்க்கப்படும் ஸ்லைடுக்கு வெள்ளைப் பின்னணியில் முழுக் கறுப்பைத் தவிர வேறெதையும் இப்போது வைப்பதில்லை. துணைக் குறிப்புக்கு வேறு நிழல் கட்டாயம் வேண்டுமென்றால் #595959. அதன் விகிதம் 7. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கணினியில் அழகாகத்தான் இருக்கிறது. திண்ணையில் அது முகம் பார்க்கும் கண்ணாடி. அத்தை தம் மூக்குத்தியைத்தான் பார்ப்பார்.

நிற எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ழகரத்தை மட்டும் சிவப்பாக்கிக் காட்டலாம் என்று இடையில் முயன்றேன். படமாக அனுப்பும்போது செய்திச் செயலி அதை அழுத்திச் சுருக்குகிறது. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்தும். நிற விவரத்தை ஒளி விவரத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் வைப்பதும் அதன் வழக்கம். சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து, சுற்றிலும் இளஞ்சிவப்புத் தூசு படிந்தது. மெல்லிய வாலுக்கு அது போதும், மறைந்துவிட. கறுப்பு இந்தச் சேதத்தைப் பெரிதும் தாங்குகிறது. படமாக அனுப்பாமல் கோப்பாக, ஆவணம் என்ற வழியில் அனுப்பினால் செயலி அதை அழுத்துவதில்லை.

மூன்றாவது இடைவெளி. திண்ணையில் ஸ்லைடை விரலால் விரித்துப் பெரிதாக்கியபோதும் ழகரத்தின் வால் சரியாகத் தெரியவில்லை. முதலில் அழுத்தத்தின் குறை என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து மூலக் கோப்பைப் பார்த்தபோதுதான் புரிந்தது: அட்டவணையின் வரிசைக் கோடு வாலை ஒட்டி ஓடியது. வாலும் கோடும் ஒரே தடிமன். சுருக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டன.

தமிழெழுத்துக்கு மேலும் கீழும் உறுப்புகள் உண்டு என்பதை லத்தீன் எழுத்துக்காகச் செய்த வார்ப்புருக்கள் கணக்கில் கொள்வதில்லை. நான் பயன்படுத்திய வார்ப்புருவில் வரியிடைவெளி 0.9. தமிழில் அப்படி இரண்டு வரி அடித்தால் மேல்வரியின் உகரக் கால் கீழ்வரியின் இகரக் கொக்கியைத் தொடும். மெய்யின் புள்ளி மேல்வரி எழுத்தின் அடியில் சொட்டியது போலத் தொங்கும். இப்போது 1.4-க்குக் குறைய விடுவதில்லை. அட்டவணைக் கோடுகளை அறவே நீக்கிவிட்டேன். சொற்களைப் பிரிக்க வெற்றிடமே போதுமாயிருக்கிறது.

இதை ஒருமுறை அமைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. பெட்டிக்குள் வாசகம் அடங்காதபோது மென்பொருள் எழுத்தையும் வரியிடைவெளியையும் தானே சுருக்கிவிடும் ஓர் அமைப்பு உண்டு. நீங்கள் தேர்ந்திராத 25.2 போன்ற பின்னம் அளவுப் பெட்டியில் தென்பட்டால் அது நடந்துவிட்டது என்று பொருள். நான் அந்த அமைப்பை அணைத்தே வைத்திருக்கிறேன். அடங்காவிட்டால் இன்னொரு ஸ்லைடு.

எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டினால் தெளிவு கூடும் என்ற அறிவுரையை மட்டும் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எடுத்துக்கொண்டேன். கோழியின் ஏகாரக் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் விலகி நின்றன; விலகிய கால் ரகரம் போலவே தெரிந்தது. பேத்தி அதை 'கேரழி' என்று படித்துவிட்டுக் கேரளாவா என்று கேட்டாள். எழுத்திடைவெளியை இயல்பில் விட்டு, சொல்லிடைவெளியை மட்டும் இரட்டிப்பதே தமிழுக்குப் போதுமானது.

இவ்வளவும் திருத்திய பின்னும் என் கண்ணை நான் நம்பவில்லை. எழுதியவனுக்குத் தன் ஸ்லைடு எந்த அளவிலும் தெளிவாகவே தெரியும். அவன் படிப்பதில்லை, நினைவுகூர்கிறான். படிப்பவரும் அப்படித்தான். பழத்தின் பெயர்களுக்கு நடுவே மங்கிய ஓர் எழுத்து இருந்தால் சூழல் அதை நிரப்பிவிடும். ஆகவே பொருளில்லாத சோதனை ஸ்லைடு ஒன்று வைத்திருக்கிறேன்: மழ, மள, மன, மண, மல, மல். இதை அனுப்பி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். இந்த இடத்தில் எங்கள் துறைக்கே உரிய ஒரு தொல்லை குறுக்கிடுகிறது. ழவையும் ளவையும் ஒன்றாக ஒலிப்பவர் மழ, மள இரண்டையும் ஒரே மாதிரிதான் படிப்பார். கண்ணின் குறையா நாவின் இயல்பா என்று காதால் பிரித்தறிய முடியாது. அதனால் வாசிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்கிறேன். என் முதல் அட்டவணைக்கு முன் இதைச் செய்திருந்தால் அந்த அடிக்குறிப்பு பிறந்தே இருக்காது.

புதிய தொகுப்பில் ஒரு ஸ்லைடுக்கு ஓர் இணை மட்டும். நிமிர்ந்த தாள், 60 பாயிண்ட் கறுப்பு எழுத்து, மேலே ஒரு சொல், நடுவில் ஒரு விரல் நுழையும் வெற்றிடம், கீழே ஒரு சொல். எது மேலே எது கீழே என்பதை ஸ்லைடுக்கு ஸ்லைடு மாற்றிவிட்டேன். அத்தை சோதனை எழுத்துகள் ஆறையும் பிழையின்றி எழுதிக் காட்டினார். பிறகு முதல் இணையைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது என்ன, பளம்னு தப்பா எழுதியிருக்கு? நாங்க பேசறது இப்படித்தான். ஆனா எழுதறது மேல இருக்கறதுதானே கண்ணு."

ஆக, ஒலியில் ஒன்றாகிவிட்ட இரண்டும் எழுத்தில் அவருக்கு இரண்டாகவே இருந்தன. ஐந்தாம் வகுப்பில் கற்றதை அறுபது ஆண்டுகளாக இழக்காமல் வைத்திருந்த ஒருவரை, 4 பாயிண்ட் எழுத்தைக் காட்டி, வேறுபாடு அறியாதவர் என்று எழுதிவைத்திருந்தேன். அடிக்குறிப்பை நீக்கிய அன்று அதே கோப்பில் தேடி, அந்தப் பழைய ஸ்லைடுகளை நம்பி எழுதிய வேறு இரண்டு பத்திகளையும் எடுத்துவிட்டேன். அவற்றுக்கான பதிவுகளை மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது.

புதிய முறைக்கும் ஒரு விலை இருக்கிறது. சென்ற வாரம் அத்தை தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். நான் அனுப்பும் எழுத்து இப்போது அவ்வளவு பெரிதாக இருக்கிறதாம். கடையில் கைபேசியைத் திறந்தால் பக்கத்துக் கற்பூரக் கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தம் பதிலையும் சொல்லிவிடுகிறாராம். பன்னிரண்டு இணைகளில் எத்தனைக்கு அத்தையே பதில் சொன்னார், எத்தனைக்குக் கற்பூரக் கடைக்காரர் சொன்னார் என்று இனித்தான் பிரிக்க வேண்டும்.